ஆறாம் வேற்றுமைக்கு ஒரு சாய்கோடு

அக்கா மகன் சரவணனுக்குப் பெண் குழந்தை பிறந்த மூன்றாம் நாள், ஜொகூர் பாருவிலிருந்து எனக்குத் தொலைபேசியில் அழைத்தான். யாழினி என்ற பெயர் முன்பே முடிவாகியிருந்தது. பிறப்பைப் பதியப் போகுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்பினான். "மாமா, பிள்ளைக்கு ஏ/பி போடணுமா, விட்டுடலாமா? கவிதா வேணாங்கிறா. அம்மா போட்டுத்தான் ஆகணும்னு நிக்கிறாங்க. நீங்க தமிழ் வாத்தியார், நீங்க சொல்லுங்க." அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்: விட்டுவிடு, அதனால் ஒரு நன்மையும் இல்லை. சொல்லிவிட்டு வைத்த பிறகு இரண்டு நாள் அந்தப் பதில் எனக்கே உறுத்திக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் நானே அவனை அழைத்து, சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். இந்தக் கட்டுரை அந்த இரண்டு நாளில் நான் எண்ணிப் பார்த்தவை.

என் அடையாள அட்டையில், எங்கள் பேச்சில் ஐசியில், என் பெயர் முத்துக்குமரன் ஏ/எல் சுப்பிரமணியம் என்று இருக்கிறது. ஏ/எல் என்பது மலாயில் 'அனாக் லெலாக்கி', ஆண் பிள்ளை. ஏ/பி என்பது 'அனாக் பெரெம்புவான்', பெண் பிள்ளை. பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போனால் அதே இடத்தில் ஆங்கிலத்தின் எஸ்/ஓ, டி/ஓ நிற்கும். எங்கள் பக்கத்திலும் என் தாத்தா காலத்துக் காகிதங்களில் எஸ்/ஓதான் இருந்தது. மலாய் ஆட்சிமொழியாகி, அலுவலகப் படிவங்கள் மாறியபோது, பழைய எழுத்துகள் போய்ப் புதிய எழுத்துகள் வந்தன. சாய்கோடு மட்டும் அங்கேயே இருந்துவிட்டது.

இளையவர்கள் பலர் இதை ஓர் இழிவுக் குறியாகப் பார்க்கிறார்கள். தோட்டத்துக் கூலிகளுக்கு வெள்ளைக்காரன் குத்திய முத்திரை என்று கவிதா சொன்னதாகச் சரவணன் சொன்னான். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் முத்திரை மட்டும்தான் என்று சொல்லிவிட முடியுமா என்பதில்தான் எனக்குத் தயக்கம்.

கிராணி கேட்ட கேள்வி

தாத்தா பெயர் முனியாண்டி. பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, வந்தவர்களைச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொள்வார் தோட்டத்து எழுத்தரான கிராணி. கூலி அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் கணக்காகும். ஒரே தோட்டத்தில் நான்கு முனியாண்டி, மூன்று ராமசாமி, ஐந்து லெட்சுமி இருந்தால் யார் கூலி யாருக்குப் போகும்? எனவே கிராணி அடுத்த கேள்வியைக் கேட்டாக வேண்டும்: அப்பன் பேர் என்ன? கருப்பன் மகன் முனியாண்டி, ராமன் மகன் முனியாண்டி என்று ஆள் பிரிந்துவிடும். இந்தியாவின் நீதிமன்றங்களிலும் வருவாய்த் துறைப் பதிவேடுகளிலும் 'இன்னார் மகன் இன்னார்' என்று எழுதும் வழக்கம் ஆங்கிலேயருக்கு ஏற்கெனவே கைப்பழக்கமாகியிருந்தது. அதையே கடல் கடந்து கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டு மனுக்களில் இன்றும் எழுதப்படும் 'த/பெ' இதே குடும்பத்துப் பிள்ளைதான்.

தோட்டத்துப் பதிவேடு தோட்டத்தோடு நின்றிருந்தால், இந்த எழுத்துகள் பிரட்டுச் சத்தத்தோடு மறைந்திருக்கக்கூடும். 1948 ஜூனில் மலாயாவில் அவசர காலம் பிறப்பிக்கப்பட்டதும், பன்னிரண்டு வயது நிறைந்த எல்லாருக்கும் புகைப்படமும் கட்டைவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை கட்டாயமாயிற்று. அதுவரை மனிதருக்கு மனிதர், சடங்குக்குச் சடங்கு இடம் மாறிக்கொண்டிருந்த பெயர் அன்றைக்கு ஒரே வடிவத்தில் அட்டையில் உறைந்தது. மலாய்க்காரர்களுக்கு, மகன், மகள் என்று பொருள்படும் 'பின்', 'பிந்தி' இருந்தது. சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால் இருந்தது. எங்களுக்கு இந்த இரண்டும் இல்லை. எனவே தோட்டத்துக் கிராணி எழுதியதே நாட்டுக் கிராணிக்கும் போதுமானதாக இருந்தது. இது தமிழருக்கு மட்டுமே ஆன குறி என்பதும் சரியல்ல. கெடாவிலும் கிளந்தானிலும் இருக்கிற சயாமியக் குடும்பங்கள் ஏ/எல், ஏ/பி எழுதுகின்றன. சரவாக்கின் ஈபான் மக்கள் ஆண், பெண் பிரிக்காமல் வெறுமனே 'அனாக்' எழுதுகிறார்கள். தகப்பன் பெயரைச் சேர்த்து எழுதும் வழக்கம் உள்ளவர்களுக்கு, 'பின்' பொருந்தாதபோது, மலாய் தந்த மாற்றுச் சொல் அது.

நம்பி மகன்

வகுப்பில் வேற்றுமைத் தொகை நடத்தும்போது உரையாசிரியர்கள் காட்டும் 'நம்பி மகன்' என்ற தொடரை நானும் பலகையில் எழுதுவேன். விரித்தால் நம்பிக்கு மகன். ஆறாம் வேற்றுமைக்குரிய 'அது' உருபு உயர்திணைக்கு வராது, அங்கே 'கு' வந்து நிற்கும் என்பது தொல்காப்பியத்தின் விதி. இதில் எனக்கு எப்போதும் பிடித்தது உருபு மறைந்து நிற்பதுதான். நம்பி முன்னால், மகன் பின்னால். வரிசை ஒன்றே போதும், யார் யாருக்குப் பிள்ளை என்பது தெரிந்துவிடும். சங்கப் புலவர் ஒருவரை மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று ஏட்டில் எழுதிவைத்தவர்களுக்கும் அந்த வரிசைதான். பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து வைக்கும் இன்றைய வழக்கமும் அதே வரிசையின் சுருக்கம். பள்ளியில் நான் சு. முத்துக்குமரன். அந்தச் 'சு'வுக்கும் எனக்கும் நடுவே எந்த இணைப்புச் சொல்லும் தேவைப்படவில்லை, ஏனென்றால் தமிழில் உடையவர் முன்னால்தான் வருவார்.

மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் இது தலைகீழ். அங்கே பிள்ளை முதலில், அப்பா பிறகு. சுப்பிரமணியம் முத்துக்குமரன் என்பதைத் திருப்பி முத்துக்குமரன் சுப்பிரமணியம் என்று எழுதிவிட்டால், தமிழ்க் கண்ணுக்கு முத்துக்குமரன் பெற்ற சுப்பிரமணியம் என்று ஆகிவிடுகிறது. எனவே திருப்பி எழுதியவர், திருப்பினேன் என்பதற்கு ஓர் அடையாளமும் வைக்க வேண்டியிருந்தது. மறைந்து நின்ற வேற்றுமை உருபை வெளியே இழுத்து, மொழிபெயர்த்து, இரண்டு எழுத்தாகச் சுருக்கி, நடுவே ஒரு சாய்கோடு போட்டார்கள். ஏ/எல் என்பதை நான் அப்படித்தான் படிக்கிறேன்.

இந்த அடையாளம் இல்லாவிட்டால் வரிசை எவ்வளவு ஊசலாடும் என்பதற்குச் சிங்கப்பூரின் புகழ்பெற்ற பெயர்களே சாட்சி. முதல் வெளியுறவு அமைச்சர் சின்னத்தம்பி ராஜரத்தினத்தின் பெயரில் முன்னால் நிற்பது தந்தை. இன்றைய அதிபர் தர்மன் சண்முகரத்தினத்தின் பெயரில் பின்னால் நிற்பது தந்தை. இருவர் பெயரிலும் எஸ்/ஓ இல்லை. நமக்கு அவர்களைத் தெரியும் என்பதால் குழப்பம் இல்லை. தெரியாத ஒருவருடைய பெயர் அப்படி ஒரு பழைய காகிதத்தில் வந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் குடும்பம் ஒரு முறை அனுபவித்தது. சரவணனுக்குச் சொன்ன பதிலை நான் மாற்றிக்கொண்டதற்குக் காரணமும் அதுதான்.

கருப்பன் முனியாண்டி யார்?

தாத்தா முனியாண்டியின் அப்பா பெயர் கருப்பன். தாத்தாவுக்கு மூத்த மகன் பிறந்தபோது, வழக்கப்படி தம் அப்பாவின் பெயரையே வைத்தார். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே. தாத்தன் பெயரைத் தாங்குகிறவன் பேரன். அவர்தான் என் பெரியப்பா கருப்பன். ஆக எங்கள் வீட்டில் கருப்பன் மகன் முனியாண்டி ஒருவர், முனியாண்டி மகன் கருப்பன் ஒருவர். இரண்டு பெயரிலும் அதே இரண்டு சொற்கள்தான்.

1957-இல் தாத்தா தோட்டத்துக்கு வெளியே, சிறிய ஊர் ஒன்றில், வீட்டுமனை ஒன்று வாங்கினார். லயத்து வீடு வேலை இருக்கும்வரைதான், அதன் பிறகு பிள்ளைகள் எங்கே தங்குவார்கள் என்ற பயம் அவருக்கு. அந்த மனைக்கான பத்திரத்தை எழுதிய யாரோ ஒருவர், எஸ்/ஓ போடாமல், உரிமையாளர் பெயரை 'கருப்பன் முனியாண்டி' என்று எழுதிவைத்துவிட்டார். அடையாள அட்டை எண்ணும் அதில் இல்லை. தாத்தா இருந்தவரை அதை யாரும் பார்க்கவில்லை. அவருக்குப் பிறகு பெரியப்பா குடும்பம் அந்த வீட்டில் இருந்தது. 2009-இல் பெரியப்பாவும் காலமானார். இரண்டாண்டு கழித்து வீட்டை விற்பது பற்றிய பேச்சு வந்தபோதுதான் பத்திரம் பெட்டியிலிருந்து வெளியே வந்தது.

பெரியப்பாவின் பிள்ளைகள் அதைப் பார்த்ததும், வீடு தங்கள் அப்பாவுடையது என்று உறுதியாக நம்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல இடமில்லை. அவர்கள் அப்பாவின் ஐசியில் இருப்பது கருப்பன் ஏ/எல் முனியாண்டி. பத்திரத்தில் இருப்பது கருப்பன் முனியாண்டி. நடுவில் இருக்க வேண்டிய இரண்டெழுத்து விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதானே? என் அப்பாவோ, இது தமிழ் வரிசை, கருப்பனுக்கு மகனான முனியாண்டி என்றுதான் படிக்க வேண்டும் என்றார். இரண்டு வாசிப்பும் இலக்கணப்படி சரி. ஆனால் விளைவு ஒன்றல்ல. தாத்தாவுடையது என்றால், உயில் எழுதாமல் இறந்த முஸ்லிம் அல்லாதவருக்கான 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி, பாட்டி முன்பே போய்விட்டதால், நான்கு பிள்ளைகளுக்கும் சமப் பங்கு. பெரியப்பாவுடையது என்றால் மற்ற மூவருக்கும் ஒன்றுமில்லை. பெயரை எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்பதில் முக்கால் வீடு தொங்கிக்கொண்டிருந்தது.

நில அலுவலகத்தில் அந்தக் கோப்பைப் பார்த்த அதிகாரி மலாய்க்காரர், வயதானவர். பத்திரத்தின் நகலைக் கண்ணாடிக்கு அருகே பிடித்துப் பெயரை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "இதில் ஏ/எல் எங்கே?" என்று மலாயில் கேட்டார். அவர் கேட்ட விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு படிவத்தில் கையெழுத்து விட்டுப்போனால் கேட்பார்களே, அப்படி. அதுவரை ஏ/எல் என் பெயரில் ஒட்டிக்கொண்ட தூசு என்றே எண்ணியிருந்தேன். அது நின்று செய்ய வேண்டிய வேலையை, இல்லாத இடத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

வழக்கு நீதிமன்றம் வரை போகவில்லை. என் அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, பெரியப்பாவின் பிறப்புப் பத்திரத்தைத் தேடிக் கொண்டுவந்தார். பெரியப்பா பிறந்தது 1946. மனை வாங்கிய ஆண்டில் அவருக்குப் பதினொரு வயது. ஐசி கூட எடுத்திருக்க முடியாத வயது. அந்த வயதுப் பையன் தோட்டத்துக்கு வெளியே மனை வாங்கியிருக்க மாட்டான் என்பதைப் பெரியப்பாவின் மூத்த மகனே முதலில் ஒப்புக்கொண்டார். அதன் பிறகும் கருப்பன் முனியாண்டி என்று பத்திரத்தில் உள்ளவரும் முனியாண்டி ஏ/எல் கருப்பன் என்று இறப்புப் பத்திரத்தில் உள்ளவரும் ஒருவரே என்று உறுதிமொழி ஆணையர் முன் சத்தியப் பிரமாணம் செய்து, அப்பாவும் அத்தையும் தனித்தனியே கையொப்பமிட வேண்டியிருந்தது. நான்கு குடும்பமும் இன்றும் பேசிக்கொள்கிறோம். ஆனால் அந்த எட்டு மாதத்தில் ஒரு தீபாவளி வந்து போனது, அந்தத் தீபாவளிக்கு யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை.

முத்துக்குமரனால்

இவ்வளவு இருந்தும் கவிதாவின் பக்கம் வலுவான ஒன்று இருக்கிறது: இன்றைய கணினிகளுக்கு இந்தச் சாய்கோடு பிடிப்பதில்லை. கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரிகளில் ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், நிரப்புக் குறி ஆகிய மூன்றைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. விமான முன்பதிவில் சிக்கல் இன்னும் கூடுதல். அங்கே சாய்கோடு என்பதே குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் பிரிக்கும் குறி. ஒரு முறை நான் சென்னைக்குப் போக வாங்கிய பயணச்சீட்டில் என் பெயர் இப்படி வந்தது:

```
SUBRAMANIAM/MUTHUKUMARANAL MR
```

சாய்கோடு அப்பாவுக்கும் எனக்கும் நடுவே இடம் மாறிப் போய்விட்டது. இறந்துபோன என் அப்பா குடும்பப் பெயராகிவிட்டார். ஏ/எல் என் பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டு 'முத்துக்குமரனால்' ஆகிவிட்டது. ஆறாம் வேற்றுமைக்காக வைத்த எழுத்துகள் மூன்றாம் வேற்றுமையாகத் திரும்பி வந்ததைப் பார்த்து நான் வரிசையில் நின்றபடியே சிரித்துவிட்டேன், பின்னால் நின்றவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இணையப் படிவங்களில் நிலைமை வேறு விதம். சில படிவங்கள் சாய்கோட்டை ஏற்பதில்லை. சில ஏற்றுக்கொண்டு, 'ஏ' என்பதை நடுப்பெயராக எடுத்துக்கொள்கின்றன. வங்கியில் ஒரு விதம், பயணச்சீட்டில் ஒரு விதம், பட்டச் சான்றிதழில் இன்னொரு விதம் என்று ஆகும்போது, ஒவ்வொன்றையும் சேர்த்துக் காட்டி ஒரே ஆள் என்று மெய்ப்பிக்கும் சுமை பெயருக்குரியவர் தலையில் விழுகிறது.

சரி, எடுத்துவிட்டால் சிக்கல் தீருமா? எடுத்தவுடன் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக வேடம் கட்டிக்கொள்கிறது. வெளிநாட்டில் படிக்கும் எங்கள் பிள்ளைகளைப் பேராசிரியர்கள் அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். குடும்பப் பெயர் என்றால் தலைமுறை தாண்டி நிற்க வேண்டும். எங்கள் பெயரோ தலைமுறைக்கு ஒரு படி நகர்கிறது. மலேசியாவின் 1957-ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் குழந்தையின் குடும்பப் பெயரைப் பற்றிச் சொல்லும்போது 'இருந்தால்' என்ற ஒரு சொல்லையும் சேர்த்தே சொல்கிறது. மலாய்க்காரர்களுக்குக் குடும்பப் பெயர் என்பதே இல்லை, எனவே மலாய் முஸ்லிம் குழந்தைகளுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று 2020 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. அந்த 'இருந்தால்' எங்கள் வீட்டுக்கும் எழுதியது போலவே எனக்குத் தோன்றும்.

பெண்கள் பக்கமிருந்து பார்த்தால் ஏ/பிக்கு இன்னொரு குணம் உண்டு. என் மனைவிக்குத் திருமணமாகி இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. ஐசியில் அவர் இன்றும் தம் அப்பாவின் மகள்தான், என் பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லை. தமிழ்நாட்டில் மணமானதும் தலைப்பெழுத்தை மாற்றிக்கொண்ட உறவினர் ஒருவர், தம் பள்ளிச் சான்றிதழுக்கும் ஆதாருக்கும் இடையே அலைந்த கதையைச் சொன்னபோது, என் மனைவி தம் ஐசியை எடுத்து மேசையில் வைத்து, "நான் எங்கேயும் மாறல" என்றார். பெண்ணைத் தகப்பனுக்குப் பிள்ளை என்று மட்டுமே சொல்கிற எழுத்து அது என்று குறை கூறலாம். அம்மாவின் பெயருக்கு அதில் இடமே இல்லை என்பதும் உண்மை. ஆனால் கைமாறிப் போகிறவள் என்று அது சொல்வதில்லை.

அந்த எழுத்துகள் உண்மையிலேயே வலிப்பது இன்னோரிடத்தில். 1982 மார்ச் முதல் நாளுக்குப் பிறகு, கோயிலில் தாலி கட்டினாலும் திருமணத்தைச் சட்டப்படி பதிந்தால்தான் செல்லும். பதியாமல் விட்ட வீடுகளில் பிறக்கும் குழந்தைக்கு, தாயும் தந்தையும் சேர்ந்து கேட்டுக்கொண்டால்தான் தந்தை பெயர் பதிவாகும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் 'தகவல் பெறப்படவில்லை' என்று மலாயில் அச்சாகி வரும். என் வகுப்பில் அப்படி ஒரு பையன் இருந்தான். வருகைப் பதிவேட்டில் எல்லாப் பெயரும் ஒரு வரியை நிறைத்து நிற்க, அவன் பெயர் மட்டும் பாதியில் நின்றது. பக்கத்து இருக்கைப் பையன் ஒரு நாள் பதிவேட்டை எட்டிப் பார்த்து, "சார், இவனுக்கு ஏ/எல் எழுத மறந்துட்டீங்க" என்றான். அதற்குப் பிறகு நான் வகுப்பில் முதல் பெயரை மட்டும்தான் கூப்பிடுவேன்.

சரவணனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. வீட்டுமனைக் கதை மட்டும் சொன்னேன், அவனுக்கு அது அரைகுறையாகத்தான் தெரிந்திருந்தது. "இப்ப ஐசி நம்பர் இருக்கே மாமா, பன்னிரண்டு இலக்கம். யாரு யாருக்குப் பிள்ளைன்னு கணினிக்குத் தெரியாதா?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. செக்ரோலில் கிராணிக்கு இருந்த தேவையை இப்போது எண் தீர்த்துவிடுகிறது என்பது உண்மைதான். கடைசியில் கவிதா சொன்னபடியே ஆயிற்று. பிறப்புப் பத்திரத்தில் யாழினி சரவணன் என்று வந்தது. அக்கா இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் குழந்தையைக் குளிப்பாட்டப் போய்விட்டார்.

பெயர் சூட்டு விழாவுக்கு அழைப்பிதழ் அடிக்க அக்காவும் நானும் போனோம். அச்சகத்தில் இருந்த பையன் கணினித் திரையில் குழந்தையின் பெயர் இருக்கும் இடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, நடுவில் ஏ/பி போடவா வேண்டாமா என்று கேட்டான். அக்கா கைப்பையிலிருந்து, கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாளை எடுத்து நீட்டினார். அதில் அவருடைய பெரிய, சாய்ந்த கையெழுத்தில் இருந்தது: சரவணன் மகள் யாழினி.

"இதைப் பாத்து அப்படியே அடி, தம்பி. அதான் மகள்னு எழுதியிருக்கேனே" என்றார்.